கேமில் வரும் லயிப்பு பாடப்புத்தகத்தில் ஏன் வருவதில்லை?

கேள்வி: பி.இ. முடிச்சிட்டு ஒரு வருஷமா குரூப் 2-க்குப் படிக்கிறேன். கேம் ஆடினா மூணு மணி நேரம் போறதே தெரியாது. புக்கை எடுத்தா பத்து நிமிஷத்துல கை போனைத் தேடுது. 'ஃப்ளோ ஸ்டேட்'னு ஒண்ணு இருக்காமே, அதைப் படிப்புல கொண்டுவர முடியுமா? பாட்டு கேட்டுக்கிட்டே படிச்சா வருமா?

மேலோட்டமாகப் பார்த்தால் இது மனதை அடக்குவது பற்றிய கேள்வி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆள் ஒன்றுதான், அறையும் ஒன்றுதான். அப்படியிருக்க ஒரு வேலை உள்ளே இழுக்கிறது, இன்னொன்று வெளியே தள்ளுகிறது என்றால் குறை ஆளிடமா, வேலையிலா என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி. பெரும்பகுதி வேலை அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது என்பது என் பதில். உளவியல் படித்துவிட்டுக் கல்லூரி ஆலோசகராகப் பதினான்கு ஆண்டுகள் இருந்தேன். இப்போது போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களோடு அதிக நேரம் செலவிடுகிறேன். ஆய்வுகள் சொல்வதையும் நான் பார்த்ததையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

'ஃப்ளோ' என்ற பெயரை உளவியலில் நிலைநிறுத்தியவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. ஹங்கேரியக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர், 2021-இல் காலமானார். 1960-களில் சிகாகோவில் ஓவிய மாணவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் அவரை உறுத்தியது. படம் வரையும்போது பசி, தூக்கம் பார்க்காமல் மூழ்கிக் கிடப்பவர்கள், படம் முடிந்ததும் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். முடிந்த படம் அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அப்படியானால் அவ்வளவு நேரம் அவர்களைக் கட்டிப்போட்டது எது? மலையேறுபவர்கள், சதுரங்கக்காரர்கள், நடனக்காரர்கள், அறுவை சிகிச்சை நிபுணர்கள் என்று பலரைப் பேட்டி கண்டு 1975-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். தண்ணீர் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது என்று பலர் சொன்னதால் அந்தப் பெயர் வந்தது. தமிழில் லயிப்பு என்ற சொல் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. நான் அதையே பயன்படுத்துகிறேன்.

இணையத்தில் இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு பட்டியல்களைக் கலந்துவிடுகிறார்கள். நேரம் போவது தெரியாமல் இருப்பது, 'நான்' என்ற நினைப்பு மங்குவது, செய்வதே சுகமாக இருப்பது எல்லாம் லயிப்பு வந்தபின் தெரியும் அடையாளங்கள். அவற்றை நேரடியாக வரவழைக்க முடியாது. தூங்க வேண்டும் என்று முயற்சி செய்தால் தூக்கம் வராதது போலத்தான். லயிப்பு வருவதற்கு முன் இருக்க வேண்டியவை மூன்றே மூன்று. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிய வேண்டும். வேலையின் கடினம் உங்கள் திறனுக்கு ஈடாக இருக்க வேண்டும். நம் கையில் இருப்பது இந்த மூன்றும்தான்.

இப்போது உங்கள் கேமை இந்த மூன்றை வைத்துப் பாருங்கள். எதிரே ஒருவன் வருகிறான், அவனைத் தாண்ட வேண்டும். குறிக்கோளில் குழப்பமே இல்லை. அடித்தால் பட்டதா இல்லையா என்பது அரை நொடியில் திரையில் தெரிகிறது. முதல் லெவல் எளிது, நீங்கள் தேறத் தேற அடுத்த லெவல் கொஞ்சம் கடினமாகிறது. அதை அப்படி அமைப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பாடப்புத்தகத்துக்கு அப்படி யாரும் இல்லை. 'இன்று பொருளாதாரம் படிக்க வேண்டும்' என்பது குறிக்கோள் மாதிரி தெரிகிறது, ஆனால் எப்போது முடிந்தது என்று யாரும் சொல்ல முடியாது. படித்தது மண்டையில் ஏறியதா என்பது மூன்று மாதம் கழித்து மாதிரித் தேர்வில்தான் தெரியும். கடினமோ ஒரே பக்கத்தில் முதல் பத்தி ஐந்தாம் வகுப்பு அளவிலும், அடுத்த பத்தி எம்.ஏ. அளவிலும் இருக்கும். இந்த நிலையில் கை போனைத் தேடவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

மூன்றில் கடினத்தின் ஈடு பற்றித்தான் அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். கெல்லர், பிளெஸ் என்ற இருவர் 2008-இல் வெளியிட்ட சோதனைகள் எனக்குப் பிடித்தவை. டெட்ரிஸ் மாதிரியான ஒரு விளையாட்டை மூன்று விதமாக அமைத்தார்கள்: சலிக்கும் அளவுக்கு மெதுவாக ஒன்று, திணறும் அளவுக்கு வேகமாக ஒன்று, ஆடுபவரின் திறனுக்கேற்பத் தானே வேகம் மாறிக்கொள்ளும்படி ஒன்று. விளையாட்டு அதுவேதான், அதில் மூழ்கியது மூன்றாவது வகையை ஆடியவர்கள். கெல்லரின் குழு 2011-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், அப்படி ஈடாக அமைந்த வேலையின்போது எச்சிலில் கார்டிசோல் அளவு கூடுதலாக இருந்தது. கார்டிசோல் உடல் நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோன். லயிப்பு என்றால் தியானம் போன்ற அமைதி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உள்ளுக்குள் உடல் முறுக்கேறித்தான் இருக்கிறது. நமக்குத்தான் அது உழைப்பாகத் தெரிவதில்லை.

ஆனால் கடினத்தைச் சரிசெய்துவிட்டால் லயிப்பு வந்தே தீரும் என்று சொல்ல மாட்டேன். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015-இல் வந்த மதிப்பீட்டில், திறனுக்கும் கடினத்துக்கும் உள்ள ஈடு லயிப்போடு நடுத்தர அளவில்தான் தொடர்புகொண்டிருந்தது. கதவு திறந்திருக்கும், உள்ளே போவதும் போகாததும் அன்றைய தூக்கத்தையும் மனநிலையையும் பொறுத்தது. இன்னொரு திருத்தமும் உண்டு. ஈடு என்றால் இரண்டும் குறைவாக இருந்தாலும் சரிதானே என்று தோன்றும். மிலான் நகர ஆய்வாளர்கள் அது லயிப்பு இல்லை, வெறும் மந்தநிலை என்று பிரித்துக்காட்டினார்கள். ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும்போது நேரம் போவது தெரியாமல் போகிறதே, அது இந்த வகை. கடினமும் திறனும் உங்கள் வழக்கமான அளவைவிட மேலே இருந்தால்தான் கணக்கு.

என்னிடம் வந்த ஒரு பெண்மணியின் கதையைச் சொன்னால் இதெல்லாம் விளங்கும். தமிழ் இலக்கியம் படித்தவர், வேலை பார்த்துக்கொண்டே குரூப் 2-க்குத் தயாரானார். முதல்நிலைத் தேர்வின் 200 கேள்விகளில் திறனறிவுக்கு 25 கேள்வி. கணக்கு என்றாலே பயம் என்று அந்த 25-ஐயும் எழுதாமல் விட்டிருந்தார். காலை ஐந்து மணிக்கு எழுந்து கைடை விரிப்பார். 'நேரமும் வேலையும்' பாடத்தின் தீர்த்த கணக்குகளைப் படிப்பார், எல்லாம் புரியும். பயிற்சிக்குப் போவார். மூன்றாவது கணக்கில் நின்றுவிடும். அடுத்த நிமிடம் போன் கையில் இருக்கும். 'எனக்குக் கவனமே நிக்காது சார்' என்றார்.

நான் கேட்ட முதல் கேள்வி, போனை எடுப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்தது என்பது. இது முக்கியம். போனைத் தேடுவது இரண்டு நேர் எதிரான காரணங்களால் நடக்கும். வேலை ரொம்ப எளிதாக இருந்தால் கண் வரிமேல் ஓடும், மனம் நாளைக்கு என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும், அது சலிப்பு. வேலை ரொம்பக் கடினமாக இருந்தால் அதே வரியை மூன்று முறை படிப்போம், இன்னும் எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்ப்போம், திடீரென்று மேஜையைத் துடைக்கத் தோன்றும்; அது பதற்றம். இரண்டும் கடைசியில் போனில்தான் போய் முடிகின்றன. ஆனால் மருந்து வேறு வேறு. சலிப்புக்குக் கடினத்தைக் கூட்ட வேண்டும், பதற்றத்துக்குக் குறைக்க வேண்டும். எது என்று பார்க்காமல் போனை மட்டும் பிடுங்கி வைத்தால், போன் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அவருக்கு எது என்று பார்க்க, அந்தப் பாடத்தின் கணக்குகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்தேன். கைடில் எல்லாம் ஒரே பயிற்சியில் கலந்து கிடந்தன. பிரித்துப் பார்த்தால் நான்கு படிகள். முதல் படி: ஒரு வேலையை அ 12 நாளிலும் ஆ 18 நாளிலும் முடிப்பார்கள், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? இரண்டாம் படி இதையே திருப்பிப் போடுவது: இருவரும் சேர்ந்து 8 நாள், அ மட்டும் 12 நாள், ஆ மட்டும் எத்தனை நாள்? மூன்றாம் படியில் ஒருவர் பாதியில் விலகுவார். நான்காவது, நிரப்பும் குழாயும் காலிசெய்யும் குழாயும் ஒன்றாகத் திறந்திருக்கும் தொட்டிக் கணக்கு. முதல் படியை அவர் நிமிடத்துக்கு ஒன்றாகப் போட்டுத் தள்ளினார், கூடவே ஜன்னலுக்கு வெளியேயும் பார்த்தார். மூன்றாம் படியில் பேனா நகரவே இல்லை. இரண்டாம் படியில் யோசித்தார், அழித்தார், மறுபடி போட்டார், விடை வந்தது. அப்போது நான் ஏதோ கேட்டேன், காதில் விழவில்லை.

அந்த இரண்டாம் படிதான் அவருடைய இடம். காலை நேரத்தை இப்படி அமைத்தோம். இருபத்தைந்து நிமிடம், பன்னிரண்டு சீட்டுகள், எல்லாம் ஒரே படி. ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் விடை இருக்கும். கணக்கு முடிந்ததும் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி என்றால் வலப்பக்கம், தவறு என்றால் இடப்பக்கம் வைக்க வேண்டும். பன்னிரண்டையும் முடித்துவிட்டுக் கடைசியில் சேர்த்துத் திருத்துவது எல்லோருக்கும் பழக்கம். அதில் திருத்தும் வேலை தனியாகப் போய்விடுகிறது, பின்னூட்டம் தாமதமாகிறது. சீட்டு வலப்பக்கம் சேர்ந்துகொண்டே போவது கேமில் மதிப்பெண் ஏறுவதற்குச் சமம். அற்பமான விஷயம்தான், ஆனால் மூன்று நிபந்தனைகளில் இரண்டை அது பூர்த்திசெய்துவிடுகிறது.

பன்னிரண்டில் பத்துக்கு மேல் சரியாக வந்தால் மறுநாள் அடுத்த படிச் சீட்டுகளை நான்கைந்து கலந்துகொள்ள வேண்டும். ஆறுக்குக் கீழே போனால் ஒரு படி இறங்க வேண்டும். இந்த எண்களை எந்த ஆய்விலும் தேடாதீர்கள். பல பேரிடம் பார்த்து நானே வைத்துக்கொண்ட அளவு இது. படி இறங்க மனமில்லை என்றால் அரைப்படி ஒன்றும் இருக்கிறது: கணக்கின் முதல் வரியை மட்டும் போட்டுவைத்துவிட்டு மீதியைச் செய்வது. மூன்றாம் படிக்கு அவர் அப்படித்தான் ஏறினார். அ 12 நாள், ஆ 18 நாள், வேலை முடிய 3 நாள் இருக்கும்போது அ விலகிவிடுகிறார், மொத்தம் எத்தனை நாள் ஆகும்? இதற்கு நான் எழுதிக் கொடுத்த வரி, 'மொத்த வேலை 36 பங்கு, அ தினம் 3 பங்கு, ஆ தினம் 2 பங்கு' என்பது மட்டும். அ விலகாமல் இருந்திருந்தால் இன்னும் 9 பங்கு செய்திருப்பார், அப்போது 45 பங்கு முடிந்திருக்கும், சேர்ந்து தினம் 5 பங்கு என்றால் 9 நாள் என்று அவரே கண்டுபிடித்தார். அ ஆறு நாள் 18 பங்கு, ஆ ஒன்பது நாள் 18 பங்கு என்று சரிபார்த்தும் காட்டினார். அன்றைக்கு இருபத்தைந்து நிமிடம் நாற்பத்தைந்தாகப் போனது அவருக்குத் தெரியவில்லை.

கடினத்தைக் கூட்டப் புதுப் பாடம்தான் வேண்டும் என்பதில்லை, கடிகாரமும் போதும். 180 நிமிடத்தில் 200 கேள்வி என்றால் ஒன்றுக்கு 54 நொடி. நன்றாகத் தெரிந்துவிட்ட முதல் படிக் கணக்குகளின் நேரத்தை அந்த அளவை நோக்கி இறுக்கிக்கொண்டே போனால் சலித்த கணக்கு மறுபடி சுவாரசியமாகும். கற்கும் கட்டத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. புரியாத கணக்குக்கு நேரம் வைப்பது பயத்தைக் கூட்டத்தான் உதவும்.

கணக்கு எளிது, விடை உண்டு. வரலாறும் அரசியலமைப்பும்தான் தொல்லை. வாசிப்பதில் பின்னூட்டம் என்பதே இல்லை. மஞ்சள் பேனாவால் கோடு போடுவது கையை வேலையாக வைத்திருக்கும், அவ்வளவுதான். நான் சொல்லும் மாற்று இது. இரண்டு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பில் சேருங்கள். எத்தனை சிவப்பு வரி என்பதுதான் உங்கள் மதிப்பெண். அடிப்படை உரிமைகள் பாடம் என்றால், 'அடிப்படை உரிமைகள் படிப்பது' என்று வைத்துக்கொள்ளாமல், '14 முதல் 18 வரையிலான பிரிவுகளைப் பார்க்காமல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் சொல்வது' என்று வைத்துக்கொள்ளுங்கள். எளிதாகிவிட்டால் இரண்டு பக்கத்தை நான்காக்குங்கள். திணறினால் ஒரு பத்திக்கு இறங்குங்கள்.

இனி இதில் உள்ள ஒரு கண்ணியைச் சொல்ல வேண்டும், நானே விழுந்து எழுந்தது. மேலே சொன்னவர் பத்து நாள் கழித்து மிகவும் சந்தோஷமாக வந்தார். தினமும் காலையில் லயித்துப்போகிறாராம். சீட்டுகளைப் பார்த்தால் பத்து நாளும் இரண்டாம் படி. சுகமாக இருந்ததால் அங்கேயே தங்கிவிட்டார். தவறு என்னுடையது; படி ஏறும் விதியைச் சொன்னேனே தவிர, எழுதி ஒட்டவைக்கவில்லை. லயிப்பு வருகிறது என்பதற்காகக் கற்றல் நடக்கிறது என்று அர்த்தமில்லை.

பயிற்சி பற்றிய ஆய்வில் பெரிய பெயரான ஆண்டர்ஸ் எரிக்ஸன் 1993-இல் பெர்லின் வயலின் மாணவர்களை வைத்து எழுதிய கட்டுரையில், திறனை உயர்த்துவதற்கென்றே செய்யும் பயிற்சி உழைப்பு மிகுந்தது, தன்னளவில் இன்பமானதல்ல என்றார். சிக்சென்ட்மிஹாயி சொல்வதற்கு இது எதிராகத் தெரிகிறது. இரண்டும் வேறு வேறு நேரத்தைப் பற்றிப் பேசுகின்றன என்பது என் எண்ணம். கையில் ஓரளவு பிடிபட்டதைச் செய்யும்போது லயிப்பு வரும். தெரியாததை முதன்முதலில் பழகும்போது முட்டிமோதத்தான் வேண்டும். புதுப் பாடத்தின் முதல் இரண்டு மூன்று அமர்வுகளில் லயிப்பை எதிர்பார்க்காதீர்கள். அது வராததை வைத்து 'எனக்கு இது வராது' என்ற முடிவுக்கும் போகாதீர்கள்.

சுகம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ரோடிகர், கார்பிக்கி இருவரின் 2006 ஆய்வு நல்ல உதாரணம். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்தபின் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் தெளிவாக முந்தினார்கள். இத்தனைக்கும் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். வழுக்கிக்கொண்டு போகும் வாசிப்பை லயிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. வெற்றுத்தாளைச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது.

இடையூறு பற்றிக் கொஞ்சம். ஒருமுறை கவனம் கலைந்தால் லயிப்புக்குத் திரும்ப 23 நிமிடம் ஆகும் என்று எங்கும் எழுதியிருக்கும். குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் அலுவலகங்களில் பார்த்ததிலிருந்து வந்த எண் அது. ஆனால் அவர் பார்த்தது, இடையில் நின்றுபோன வேலையை ஊழியர்கள் மறுபடி கையில் எடுக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதை. நடுவில் அவர்கள் வேறு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூளை லயிப்புக்குத் திரும்பும் நேரம் என்று அதைச் சொல்வது திரிபு. இதைவிட நமக்குப் பயன்படுவது ஸோஃபி லெராய் 2009-இல் எழுதியது: ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால், கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அடுத்த வேலை கெடும். அதனால் போனை அணைப்பதோடு சேர்த்து நான் சொல்வது, உட்காருவதற்கு முன் மனதில் அரைகுறையாக நிற்பவற்றை ஒரு தாளில் இறக்கிவைக்க வேண்டும் என்பது. கேஸ் புக் பண்ண வேண்டும், மாமாவுக்குத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று எதுவாக இருந்தாலும், எத்தனை மணிக்கு என்பதோடு எழுதுங்கள். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது தனி அறை எல்லாம் கேட்க முடியாது. 'ஆறரை வரைக்கும் கூப்பிடாதீங்க' என்று ஒரு முடிவு நேரத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் பெரும்பாலான வீடுகள் ஒத்துழைக்கின்றன. முடிவு நேரம் சொல்லாமல் 'தொந்தரவு பண்ணாதீங்க' என்றால் சண்டைதான்.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். லயிப்பின்போது மூளையின் முன்பகுதி தற்காலிகமாக அடங்குகிறது என்பது ஆர்னே டீட்ரிச் முன்வைத்த கருதுகோள். அழகான கருதுகோள், ஆனால் முடிந்த முடிவு அல்ல. 'இதைச் செய்தால் டோபமைன் சுரந்து லயிப்பு வரும்' என்ற காணொளிகளை நான் நம்புவதில்லை. லயிப்பில் இருப்பவர்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. லயித்ததால் நன்றாகச் செய்தார்களா, நன்றாக வந்ததால் லயித்தார்களா என்பதைப் பிரிப்பது கடினம். அளவிடுவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது: நடுவில் கேட்டால் லயிப்பு கலைந்துவிடும், முடிந்தபின் கேட்டால் பதில் நினைவிலிருந்துதான் வரும். இதற்காகத்தான் சிக்சென்ட்மிஹாயி ஆட்களிடம் பேஜரைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன செய்கிறீர்கள், எப்படி இருக்கிறது என்று குறிக்கச் சொன்னார். 1989-இல் வந்த அப்படியொரு ஆய்வில் விசித்திரமான ஒன்று தெரிந்தது. கடினமும் திறனும் உயர்ந்து நின்ற தருணங்கள் ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்தில்தான் மிக அதிகம். ஆனாலும் வேலையில் இருக்கும்போது 'வேறெதாவது செய்துகொண்டிருக்கலாமே' என்றுதான் மக்கள் நினைத்தார்கள். உட்காருவதற்கு முன் வரும் வெறுப்பை வைத்து, உட்கார்ந்தபின் எப்படி இருக்கும் என்று கணிக்காதீர்கள் என்பதற்கு நான் இதைத்தான் மாணவர்களிடம் சொல்வது.

நான் சொன்னது எல்லோருக்கும் பொருந்தாது. கேமில் மூன்று மணி நேரம் உட்கார முடிவதால் கவனக்குறைவுக் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது. ஏடிஹெச்டி உள்ளவர்களும் பிடித்ததில் அப்படி மூழ்குவார்கள். சிறு வயதிலிருந்தே பொருட்களைத் தொலைப்பது, பேச்சை முடிக்கவிடாமல் குறுக்கிடுவது, எடுத்த வேலையை அந்தரத்தில் விடுவது என்று படிப்புக்கு வெளியிலும் சிக்கல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். முன்பு பிடித்தவைகூட இரண்டு வாரத்துக்கு மேலாக ருசிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றாலும் அப்படியே. அங்கே சீட்டுக்கட்டு உதவாது.

பாட்டு விஷயம். வரிகள் உள்ள பாட்டு, அதுவும் புரிகிற மொழியில் என்றால், வாசிப்புக்கும் மனப்பாடத்துக்கும் இடைஞ்சல். காதில் விழும் பேச்சு, நாம் கேட்க நினைக்காவிட்டாலும், சொற்களை நினைவில் நிறுத்தும் இடத்துக்குள் புகுந்துவிடுகிறது. இது 1970-களிலிருந்தே பலமுறை சோதித்து உறுதியானது. வரியில்லாத இசை ஆளுக்கு ஆள் வேறுபடும். சந்தேகமாக இருந்தால் மூன்று நாள் இசையோடும் மூன்று நாள் இல்லாமலும் அதே படிச் சீட்டுகள் பன்னிரண்டைப் போட்டுப் பாருங்கள், வலப்பக்கக் கட்டு எந்த நாட்களில் உயரமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பெண்மணி இதைச் செய்து பார்த்தார். பாட்டோடு படித்த நாட்களில் இரண்டு மூன்று சீட்டு குறைவாக வந்தது. 'ஆனா சார், பாட்டுப் போட்டாத்தான் அஞ்சு மணிக்கு எந்திரிக்கவே தோணுது' என்றார். எழுந்திரிக்க ஒரு பாட்டு, முதல் சீட்டை எடுத்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று பேசி முடித்தோம்.